பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள்

ஒடென்சேயில் கோல் காக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோருக்கு,



சனிக்கிழமைகளில் மைதான ஓரத்தில் உங்களைக் காண்கிறேன். மழையிலும் குளிரிலும் வந்து நிற்கிறீர்கள். பந்து பிள்ளையின் கையில் பட்டு நழுவி வலைக்குள் போனதும் "ஏன் விட்டாய்?" என்று கேட்கிறீர்கள். வீடு திரும்பும் காரிலும் அதே கேள்வி தொடர்கிறது என்று பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை நான் உங்களுக்கே சொல்ல விரும்புகிறேன். அந்தப் பந்தைப் பிடிக்க உங்கள் பிள்ளைக்கு எவரும் முறையாகப் பழக்கவில்லை. பெரும்பாலான நேரங்களில் காரணம் அவ்வளவுதான்.

பல கழகங்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் பந்து கடத்தவும் ஓடவும் பழகும்போது கீப்பர் ஒரு ஓரத்தில் நிற்கிறார். பயிற்சியின் கடைசி இருபது நிமிடத்தில் அவரைக் கோலுக்குள் அனுப்பி, பதினைந்து பேர் வரிசையாக நின்று உதைக்கிறார்கள். முதல் பந்துக்கு விழுந்தவர் எழும்ப முன்னரே இரண்டாவது வந்துவிடுகிறது. அது உதைப்பவர்களுக்கான பயிற்சி. கீப்பர் அங்கே இலக்காக நிற்கிறாரே தவிர, எதையும் கற்பதில்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எட்டுப் பேர் ஆட்டத்தில் உங்கள் பிள்ளை காத்த கோல் 5 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் கொண்டது. பதினான்கு வயதை ஒட்டிப் பதினொரு பேர் ஆட்டத்துக்கு மாறும்போது அதே பிள்ளை 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் உள்ள கோலின் முன் நிற்க வேண்டும். பத்து சதுர மீற்றர் ஏறக்குறைய பதினெட்டாகிறது. பிள்ளையின் கைகள் அந்தக் கோடையில் அவ்வளவு வளர்ந்துவிடுவதில்லை.

நீங்கள் இதற்குச் செய்தது விலை கூடிய கையுறை வாங்கிக் கொடுத்தது. உங்கள் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையுறையின் ரப்பர் சரியாக வந்து சேர்ந்த கையைத்தான் பந்தோடு ஒட்டவைக்கும். பிந்தி வந்த கைக்கு அது உதவாது. உங்கள் பிள்ளைக்கு இப்போது வேண்டியது ஒரு பந்து, ஒரு சுவர், அதற்குப் பிறகு நீங்கள். ஏன் நீங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜன்னல் இல்லாத செங்கல் சுவரைத் தேடுங்கள். பள்ளிக்கூட வளவுகளில் அப்படியான சுவர்கள் இருக்கின்றன. வெளிப்புறமாக வெப்பக்காப்பு ஒட்டி மேலே மெல்லிய சாந்து பூசிய சுவர்களைத் தொட வேண்டாம். விரல் மடக்கித் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். பந்து பட்டால் சாந்து வெடிக்கும். குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள சிறு ஆடுகளங்களின் பலகையும் இதற்கு உதவாது. அது இடுப்பளவு உயரந்தான் இருக்கும், சத்தமும் அதிகம். எந்தச் சுவரானாலும் பொறுப்பானவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அயலவர் வந்து நிறுத்திவிடுவார், பிள்ளையும் பிறகு போகாது.

பந்து வழக்கமான 5ஆம் இலக்கப் பந்தாகவே இருக்கட்டும். ஆட்ட விதி பந்தின் காற்றழுத்தத்துக்கு 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இடம் கொடுக்கிறது. சுவரடியில் 0.6ஐ ஒட்டி வையுங்கள். கல்லுப்போல் காற்றடித்த பந்து குளிரில் விரலை நோகப்பண்ணும். நோகும் என்று தெரிந்த கை பந்தைச் சந்திக்க முன்னரே பின்வாங்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்தால் எடுப்பது கடினம்.

தனியே செய்யும் பயிற்சியை இரண்டோடு நிறுத்தச் சொல்வேன். முதலாவது மார்புக்கு மேலே வரும் பந்துக்கானது. பிள்ளை சுவரிலிருந்து இரண்டு மீற்றரில் நின்று, பந்தை இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளி எறிந்து, திரும்பி வருவதை முகத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும். இரண்டு பெருவிரல்களும் பந்தின் பின்னால் கிட்டத்தட்டத் தொடுமளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். மற்ற விரல்கள் விரிந்திருக்க வேண்டும். முழங்கை சற்றே மடிந்து, பந்து வந்ததும் ஒரு சாண் அளவு உள்வாங்க வேண்டும். பிடித்த நிலையிலேயே பிள்ளையை அசையாமல் நிற்கச் சொல்லிக் கையைப் பாருங்கள். பந்தை விரல்கள் பிடித்திருந்து, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் அது சரியான பிடி.

உதைபந்தாட்டம் தெரியாத ஒருவர்கூட இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல பிடியில் சத்தம் அடங்கியிருக்கும். 'பளார்' என்று கேட்டால் பந்து உள்ளங்கையில் மோதியிருக்கிறது, அதாவது கை பிந்தி வந்திருக்கிறது. பந்து கையில் பட்டு முன்னால் துள்ளிப் போனால் முழங்கை விறைத்திருக்கிறது. இரண்டு கைக்கும் நடுவால் முகத்தில் பட்டால் பெருவிரல்கள் விலகியிருக்கின்றன. "ஏன் விட்டாய்?" என்பதற்கான பதில்கள் அநேகமாக இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றையும் மூன்று விதமாகத்தான் திருத்த வேண்டும். "கவனமாய்ப் பிடி" என்ற ஒரே சொல்லால் அவற்றில் ஒன்றுகூடத் திருந்தாது.

இரண்டாவது தாழ்வாக வரும் பந்துக்கானது. மூன்று மீற்றரில் நின்று சுவரின் அடிப்பாகத்தில் எறிந்தால், பந்து நிலத்தில் ஒருமுறை பட்டுக் காலடிக்கு வரும். இதற்குக் கை தலைகீழாக மாற வேண்டும். சிறுவிரல்கள் நெருங்கி, உள்ளங்கைகள் மேலே பார்த்து, குளத்தில் தண்ணீர் ஏந்துவதுபோலப் பந்தின் அடிக்குப் போக வேண்டும். பிறகு முன்கைகள் வழியாகப் பந்தை நெஞ்சுக்கு உருட்டி அணைக்க வேண்டும். ஒரு முழங்கால் சற்று உள்ளே திரும்பிப் பந்தின் பின்னால் நின்றால், கை தவறினாலும் கால் மறிக்கும். இங்கே பிழை வந்தால் பெரும்பாலும் அது இடுப்பிலிருந்து குனிவதால் வருகிறது. முழங்கால் மடியாமல் முதுகு மட்டும் வளைந்தால் கை நிலத்தைத் தொட ஒரு கணம் பிந்தும், அந்தக் கணத்தில் பந்து கால்களுக்கு நடுவால் போய்விடும்.

இரண்டிலும் பத்துப் பத்தாக மூன்று தடவை போதும். நடுவே ஒரு நிமிடம் மூச்சு வாங்கட்டும். 'பளார்' சத்தம் மூன்று முறை தொடர்ந்து வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த கை பிழையான பிடியைத்தான் மனப்பாடம் செய்யும்.

இனித்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். தனியே நிற்கும் பிள்ளைக்கு, தான் எறிந்த பந்து எங்கே திரும்பி வரும் என்று எறிய முன்னரே தெரியும். எவ்வளவு வேகமாக எறிந்தாலும், எறிந்துவிட்டுக் கை தட்டினாலும், நிலத்தைத் தொட்டு எழும்பினாலும், பந்து வரும் இடம் அதற்குப் புதிதில்லை. கை பழகும். ஆனால் கண் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லாததால் அது அப்படியே நின்றுவிடும். ஆட்டத்தில் நடப்பது வேறு. உதைப்பவரின் காலை விட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் அது எங்கே வருகிறது என்று தெரிகிறது, அதைக் கண்டு முடிவெடுக்கத்தான் நேரம் பிடிக்கிறது. விரைவாகச் செயற்படுவது என்று நாம் சொல்வதில் கையின் வேகம் ஒரு சிறு பங்குதான். பெரிய பங்கு கண்ணுக்குரியது. அதைச் சுவர் தனியே பழக்காது. இன்னொருவர் வேண்டும்.

அந்த இன்னொருவர் நீங்கள்தான். உங்களுக்கு உதைக்கத் தெரிய வேண்டியதில்லை. கையால் எறிந்தால் போதும். அம்மா எறியலாம், அக்கா எறியலாம், மாமா எறியலாம்.

பிள்ளையைச் சுவரைப் பார்த்தபடி நான்கு மீற்றரில் நிறுத்துங்கள். நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி, பிள்ளை உங்களைக் காண முடியாத இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து பிள்ளையின் தோளுக்கு மேலாகவோ பக்கத்தாலோ பந்தைச் சுவருக்கு எறியுங்கள். எப்போது எறிகிறீர்கள், இடமா வலமா, மேலேயா கீழேயா என்று எதுவும் சொல்லாதீர்கள். பிள்ளை தன் கண்ணுக்குள் பந்து வந்த பிறகுதான் அதை அறிய வேண்டும். மார்பளவில் திரும்ப வேண்டுமானால் சுவரில் கோல் கம்பத்தின் உயரத்தை ஒட்டி எறியுங்கள். பந்து சுவரிலிருந்து பிள்ளைக்கு வரும் அரைச் செக்கனில் ஏறக்குறைய 1.2 மீற்றர் கீழே விழுந்துவிடும். இதை அறியாமல் மார்பளவுக்கே எறிபவர்களின் பந்து எல்லாம் காலடிக்குத்தான் வரும்.

நான்கு மீற்றர் என்று ஏன் சொன்னேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் பிழை விடுவது இதில்தான். நீங்கள் நடுத்தர வேகத்தில் எறிந்து, பந்து சுவரிலிருந்து செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மீற்றரைக் கடக்க அதற்கு 0.5 செக்கன் ஆகும். கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே மனிதருக்குச் சுமார் 0.2 செக்கன் தேவை. மிச்சம் 0.3 செக்கன். அதற்குள் கையைக் கொண்டுபோகலாம், ஒரு அடியும் எடுத்து வைக்கலாம். இரண்டு மீற்றரில் நிறுத்தினால் மொத்தமே 0.25 செக்கன்தான். கண்டு அசைய நேரம் இல்லை. அங்கே பிள்ளை ஊகித்துப் பாயப் பழகும், கண்ணை மூடவும் பழகும். நெருக்கமாக நின்றால் வேகம் கூடும் என்று நினைத்து இப்படிச் செய்பவர்கள் தங்கள் பிள்ளைக்கு ஊகிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். நான்கில் பத்துக்கு எட்டுப் பிடித்த பிறகு மூன்றுக்கு வாருங்கள். அதற்கு மேல் நெருங்க வேண்டாம்.

இந்த அரைச் செக்கன் ஆட்டத்தில் எதற்குச் சமம் என்று கேட்பீர்கள். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 25 மீற்றரில், 11 மீற்றர் தூரத்திலிருந்து உதைக்கப்படும் பெனால்டி 0.44 செக்கனில் கோலை அடைகிறது. 2018 உலகக் கிண்ணத்தில் குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் லூக்கா மோட்ரிச் உதைத்த பெனால்டியைக் காஸ்பர் ஷ்மைக்கல் தடுத்ததை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அன்று டென்மார்க்கின் கீப்பர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் லார்ஸ் ஹோக். ஒடென்சேயின் ஓ.பி. கழகத்துக்காக 800க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கோல் காத்தவர். 1994 டிசெம்பரில் ரியல் மட்ரிட்டை அதன் சொந்த மைதானத்தில் ஓ.பி. 2–0 என்று வென்றபோது கோலில் நின்றவரும் அவர்தான். அப்போது வயது 35. 2021இல் காலமானார். முப்பத்தைந்து வயதுக் கால்கள் இருபது வயதுக் கால்கள் அல்ல. அந்த வயதிலும் ஒரு கீப்பரால் மட்ரிட்டில் நிற்க முடிகிறது என்றால், இந்தத் தொழிலில் காலைவிடக் கண்தான் முந்தி வேண்டும் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் எறியும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கையைப் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள். பந்து சுவரில் படும் கணத்தில் பிள்ளையின் இரண்டு பாதங்களும் நிலத்தில், தோளகலத்துக்கு விரிந்து, முன்பாதத்தில் பாரம் ஏறி, அசையாமல் இருக்க வேண்டும். கைகள் இடுப்புக்குச் சற்று மேலே, உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்தக் கணத்தில் துள்ளிக்கொண்டோ முன்னால் நடந்துகொண்டோ இருந்தால், பந்து எங்கே வருகிறது என்று கண்டுவிட்டாலும் கால் நிலத்துக்கு வரும்வரை எந்தப் பக்கமும் தள்ள முடியாது. ஆட்டத்தில் "பார்த்துக்கொண்டே நின்றான்" என்று நாம் திட்டும் கோல்களில் பல இப்படிப் போனவைதான். பிள்ளை கண்டது, ஆனால் கால் காற்றில் இருந்தது.

பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். வலது மேல்பக்கம் வரும் பந்துகளை மட்டும் தொடர்ந்து விட்டுக்கொண்டிருந்தாள். வலது கை பலமில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். தனியே சுவரடியில் நின்றால் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரேமாதிரி சுத்தமாகப் பிடித்தாள். ஆகவே கையில் குறை இல்லை. தாயைப் பின்னால் நிறுத்தி எறியச் சொன்னதும் குறை வெளியே வந்தது. எந்தப் பந்து வரும் என்று தெரியாதபோது அவள் இடது காலை முன்னால் வைத்து, வலது கையைத் தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு நின்றாள். வலது கை மேலே போக இடது கையைவிட இரட்டிப்புத் தூரம் பயணிக்க வேண்டியிருந்தது. தாய் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு எறிக்கும் முன்னர் மகளின் இரண்டு கைகளும் தனக்குத் தெரிகின்றனவா என்று பின்னாலிருந்து பார்த்தார். முழங்கைகள் இரண்டும் உடலின் இரு பக்கமும் சமமாகத் தெரிந்தால்தான் எறிந்தார். சில கிழமைகளில் வலது மேல்பக்கம் மற்றப் பக்கங்களைப் போலாகிவிட்டது. அந்தத் தாய் உதைபந்தாட்டம் ஆடியவரல்ல. மைதான ஓரத்திலிருந்து எவர் கத்தியிருந்தாலும் இது தெரிந்திராது. பின்னால் நின்றதால் தெரிந்தது.

இது பழகிய பிறகு இன்னும் ஒன்று சேருங்கள். பிள்ளையின் இரு பக்கத்திலும் ஒன்றரை மீற்றர் தள்ளி ஒவ்வொரு சப்பாத்தை வையுங்கள். பிடிக்கக்கூடியதைப் பிடிக்கட்டும். பிடிக்க முடியாத வேகத்தில் வந்தால் அந்தச் சப்பாத்துக்கு வெளியே தட்டிவிடட்டும். முன்னால் தட்டினால் அதைப் பிழையாக எண்ணுங்கள். ஆட்டத்தில் முன்னால் விழும் பந்துக்கு எதிரணியில் ஒருவர் ஓடிவந்துகொண்டே இருப்பார். தட்டும்போது மணிக்கட்டு விறைப்பாகவும் உள்ளங்கையின் அடிப்பாகம் பந்தில் படுமாறும் இருக்க வேண்டும்; விரல் நுனியால் தட்டினால் பந்தின் திசை அதிகம் மாறாது, விரல்தான் மடங்கும். பிடிப்பதா தட்டுவதா என்ற தயக்கம்தான் பதின்ம வயதுக் கீப்பரின் பெரும் பகை. நீங்கள் ஒரே மாதிரி அசைவில் சிலவேளை மெதுவாயும் சிலவேளை வேகமாயும் எறியும்போது அந்த முடிவைத்தான் பழக்குகிறீர்கள்.

சில எல்லைகளைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாரிலும் கொங்கிரீட்டிலும் பிள்ளையைப் பாய விடாதீர்கள். அங்கே அடி எடுத்து வைத்துப் பிடிப்பது மட்டும்தான். சுவர் முன்னால் புல் இருந்தால் பாயலாம். இந்த வயதில் மணிக்கட்டு எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. முன்கை மணிக்கட்டைச் சேரும் இடத்தில் அழுத்தினால் நோகிறது, அந்த நோ ஓய்வெடுத்தும் சில நாட்களாகப் போகவில்லை என்றால், பட்டி கட்டி அனுப்பாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். டிசெம்பரில் நாலு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் பின்னாலிருந்து எறியும் பயிற்சியைச் செய்யாதீர்கள். பந்தைக் காணாத கண் எதையும் கற்காது. விரல் மரத்துப்போன குளிரிலும் வேண்டாம். அந்த மாதங்களில் வார இறுதியின் பகலை ஒதுக்குங்கள். சுவரடிக்குப் பழைய கையுறை போதும். அதையும் சற்று நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காய்ந்த ரப்பர் வழுக்கும். இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே வரும் நீண்ட பந்துக்கு ஓடி வெளியே வருவதும், கோணத்தைக் குறைத்து நிற்பதும் மைதானத்தில்தான் வரும். சுவரடி தருவது கையும் கண்ணும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கிழமையில் இரண்டு பின்னேரம், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று எறியுங்கள். ஒரு வீட்டில் நேரம் இல்லாவிட்டால் அடுத்த வீட்டோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கீப்பர்கள் ஒரே சுவரில் மாறி மாறி எறிந்தும் பிடித்தும் பழகலாம், அது இன்னும் நல்லது. பயிற்சியாளரிடம் போய், கடைசி இருபது நிமிட உதைகளுக்கு நடுவே கீப்பர் எழும்பி நிற்க நேரம் கொடுக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். சனிக்கிழமை ஒரு பந்து நழுவினால், "ஏன் விட்டாய்?" என்று பிள்ளையைக் கேட்க வேண்டாம். கை பிந்தியதா, முழங்கை விறைத்ததா, பெருவிரல் விலகியதா, கால் காற்றில் இருந்ததா என்று நீங்களே பார்த்துக் குறித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை சுவரடியில் அந்த ஒன்றை மட்டும் எறிந்து பழக்குங்கள்.

அன்புடன்,
ஒடென்சேயில் கோல் காப்பாளர் பயிற்சிக்கு உதவும் ஒரு தமிழ்த் தகப்பன்